இரண்டு முறை வரும் மூலம், ஒரே ஒரு திசை

அணிகள் பாடத்தில் விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போயிருக்கும். மாணவர் சிறப்பியல்புச் சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்திருப்பார். λ = 2, 2 என்று விடை வந்திருக்கும். முதல் 2-க்கு (1, −1) என்ற ஐகென் திசையனையும் கண்டுபிடித்திருப்பார். அடுத்த 2-க்கும் ஒன்று வேண்டுமே என்று கை கொஞ்சம் தயங்கியது தெரியும். கடைசியில் (2, −2) என்று எழுதி அடிக்கோடு போட்டிருப்பார். சிலர் (0, 0) என்று எழுதுவார்கள். நானும் படிக்கிற காலத்தில் (2, −2) எழுதியவன்தான், அதனால் சிவப்பு மை கொஞ்சம் மெதுவாகவே ஓடும்.

அந்தத் தயக்கம் நியாயமானது. ஒரு மூலம் இரண்டு முறை வந்தால் அதற்கு இரண்டு திசையன்கள் இருந்தாக வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அப்படி ஒரு கட்டாயம் இல்லை. மூலம் எத்தனை முறை வருகிறது என்பது ஒரு கணக்கு. அதற்கு எத்தனை தனித்தனித் திசைகள் கிடைக்கின்றன என்பது வேறொரு கணக்கு. முன்னதை இயற்கணித மடங்கெண் என்றும் பின்னதை வடிவியல் மடங்கெண் என்றும் சொல்கிறோம்.

அந்த மாணவரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

```
A = |  3   1 |
    | −1   1 |
```

சிறப்பியல்புச் சமன்பாடு det(A − λI) = 0. விரித்தால் (3 − λ)(1 − λ) + 1 = 0, அதாவது λ² − 4λ + 4 = 0. இது (λ − 2)² = 0 என்று மடங்குகிறது. (λ − 2) என்ற காரணியின் அடுக்கு 2. ஆகவே λ = 2-இன் இயற்கணித மடங்கெண் 2. இதைச் சொல்ல எந்தத் திசையனையும் தேட வேண்டியதில்லை, பல்லுறுப்புக்கோவையைக் காரணிப்படுத்தினால் போதும். பெயரில் இயற்கணிதம் இருப்பது அதனால்தான்.

இப்போது திசையன். (A − 2I)v = 0 என்பதைத் தீர்க்க வேண்டும்.

```
A − 2I = |  1   1 |
         | −1  −1 |
```

இரண்டாம் நிரை முதல் நிரையின் −1 மடங்கு, புதிதாக அது எதையும் சொல்லவில்லை. மிஞ்சுவது x + y = 0 என்ற ஒரே சமன்பாடு. அதன் தீர்வுகள் எல்லாம் (1, −1)-இன் மடங்குகள். (2, −2), (−5, 5) என்று எத்தனை எழுதினாலும் எல்லாம் ஆதி வழியாகப் போகும் ஒரே கோட்டில்தான் கிடக்கின்றன. தீர்வு வெளியின் பரிமாணம் 1. அதுதான் வடிவியல் மடங்கெண்.

பெரிய அணிகளில் இதைக் குறுக்கு வழியில் எண்ணலாம். அணியின் வரிசை n என்றால், வடிவியல் மடங்கெண் = n − (A − λI)-இன் தரம். இங்கே தரம் 1, ஆகவே 2 − 1 = 1.

இரண்டு மடங்கெண்களும் சமமாக இல்லாத ஐகென் மதிப்பு ஒன்றாவது இருந்தால், அந்த அணியைக் குறைபாடுள்ள அணி என்பார்கள். A அப்படிப்பட்டது. குறைவது ஐகென் திசையன்தான்: தளத்தை முழுக்க அளக்க இரண்டு வேண்டும், கிடைத்தது ஒன்று.

இதற்குப் பக்கத்தில் 2I-ஐ, அதாவது மூலைவிட்டத்தில் 2, 2 மட்டும் உள்ள அணியை வையுங்கள். அதன் சிறப்பியல்புச் சமன்பாடும் (λ − 2)² = 0 தான். ஆனால் 2I − 2I பூச்சிய அணி, அதன் தரம் 0, வடிவியல் மடங்கெண் 2. தளத்தில் எந்தத் திசையனைக் காட்டினாலும் அது ஐகென் திசையன். சமன்பாட்டை மட்டும் பார்த்து A எது, 2I எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதில் ஒரு சின்ன உண்மை ஒளிந்திருக்கிறது. 2×2 அணியில் மூலம் திரும்ப வந்து, வடிவியல் மடங்கெண்ணும் 2 ஆக இருக்க வேண்டுமென்றால் A − λI-இன் தரம் 0 ஆக வேண்டும். அதாவது A = λI என்றே இருக்க வேண்டும். ஆகவே மூலைவிட்டத்துக்கு வெளியே பூச்சியமல்லாத ஓர் எண் இருக்கிற 2×2 அணிக்கு மூலம் இரட்டித்தால், மேற்கொண்டு கணக்கே போடாமல் குறைபாடுள்ளது என்று சொல்லிவிடலாம்.

அந்த இன்னொரு திசை எங்கே போனது?

A-ஐ 2I + N என்று பிரிப்போம். N என்பது மேலே கண்ட A − 2I. ஏதாவது ஒரு திசையன் v = (x, y)-ஐ A-இடம் கொடுத்தால் வருவது இது:

```
Av = 2v + (x + y)(1, −1)
```

இந்த வரியில் கொஞ்ச நேரம் நிற்பது நல்லது, விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. A ஒவ்வொரு திசையனையும் இரண்டு மடங்கு நீட்டுகிறது. நீட்டியபின் சும்மா விடாமல் (1, −1) திசையில் பக்கவாட்டில் தள்ளுகிறது. தள்ளும் அளவு x + y. (1, 0)-ஐக் கொடுத்தால் (2, 0) வராது, (3, −1) வருகிறது. (1, −1) அளவுக்கு நகர்ந்துவிட்டது. (0, 1)-ஐக் கொடுத்தால் (0, 2)-க்குப் பதில் (1, 1). திசை திரும்பாமல் தப்பிப்பது x + y = 0 ஆக உள்ளவை மட்டும்.

சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்து மேல்பக்கத்தை உள்ளங்கையால் ஒருபுறம் தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு சீட்டும் தன் உயரத்துக்கு ஏற்ற அளவு நகர்கிறது. கட்டின் பக்கவாட்டில் நெட்டாக ஒரு கோடு வரைந்திருந்தால் அது சாய்ந்துவிடும். முன்பே சாய்வாக வரைந்த கோடும் வேறு சாய்வுக்குப் போய்விடும். மேசைக்கு இணையாக, தள்ளிய திக்கில் போகும் கோடு மட்டும் அப்படியே இருக்கும். N செய்வது இந்தச் சரிப்பு வேலையைத்தான். சரிப்பில் நிலைத்து நிற்கும் திசை ஒன்றே ஒன்று.

N-ஐ இரண்டு முறை செலுத்தினால் என்ன ஆகும்? N எதைத் தொட்டாலும் அதை (1, −1)-இன் மடங்காக்குகிறது, (1, −1)-ஐத் தொட்டால் பூச்சியமாக்குகிறது. ஆகவே N² = 0. இது கீழே இரண்டு இடங்களில் உதவும்.

இரண்டு திசைகள் ஒன்றில் ஒன்று படிவது

இன்னொரு கோணமும் உண்டு. எனக்கு விஷயம் புரிந்தது இதில்தான். A-இல் உள்ள −1-ஐ மிகச் சிறிதாக மாற்றி −1 + ε ஆக்குவோம். அப்போது சமன்பாடு (λ − 2)² = ε ஆகிறது. மூலங்கள் 2 + √ε, 2 − √ε. இப்போது இரண்டும் வெவ்வேறு. வெவ்வேறு ஐகென் மதிப்புகளின் திசையன்கள் ஒரே கோட்டில் விழ முடியாது என்பதால் இரண்டு திசைகள் உறுதி. முதல் நிரையைக் கொண்டு தீர்த்தால் திசையன் (1, λ − 3) என்று வருகிறது.

ε = 0.0001 என்று வையுங்கள். மூலங்கள் 2.01, 1.99. திசையன்கள் (1, −0.99), (1, −1.01). வரைபடத்தாளில் இரண்டையும் வரைந்தால் நடுவில் பென்சில் கோடு நுழைய இடமில்லாத அளவுக்கு நெருக்கம். ε-ஐ இன்னும் குறைத்தால் இரண்டும் (1, −1)-ஐ நோக்கி இருபுறமிருந்தும் வருகின்றன. ε = 0 ஆனதும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. சமன்பாடு இன்னமும் இரண்டு மூலம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் வந்து சேர்ந்தவை இரண்டு. திசை மட்டும் ஒன்றாகிவிட்டது. இயற்கணித மடங்கெண் வந்து சேர்ந்த மதிப்புகளை எண்ணுகிறது, வடிவியல் மடங்கெண் மிஞ்சி நிற்கும் திசைகளை எண்ணுகிறது.

2I-இல் இந்த விபத்து நடக்காமலும் இருக்கலாம். அதன் மூலைவிட்டத்தை 2.01, 1.99 என்று மாற்றினால் திசையன்கள் (1, 0), (0, 1). மாற்றத்தை எவ்வளவு சுருக்கினாலும் அவை செங்குத்தாகவே நிற்கின்றன. மதிப்புகள் சேர்ந்தன, திசைகள் சேரவில்லை.

3×3-இல் பார்க்கும்போது

மூலம் திரும்ப வந்தாலே குறைபாடு என்று நினைத்துவிடக் கூடாது. இதைப் பாருங்கள்:

```
B = | 2  1  1 |
    | 1  2  1 |
    | 1  1  2 |
```

இதன் ஐகென் மதிப்புகள் 4, 1, 1. B − I எல்லா இடத்திலும் 1 உள்ள அணி. மூன்று நிரைகளும் ஒன்றே, தரம் 1. வடிவியல் மடங்கெண் 3 − 1 = 2. சமன்பாடு x + y + z = 0 ஒன்றுதான் என்பதால் தீர்வு ஒரு தளம்; அதிலிருந்து (1, −1, 0), (1, 0, −1) என்று இரண்டு திசைகளை எடுத்துக்கொள்ளலாம். (1, 1, 1)-ஐ மதிப்பு 4-க்குச் சேர்த்தால் மூன்றும் ஆயிற்று. B சமச்சீர் அணி. மெய்யெண்களால் ஆன சமச்சீர் அணிகளில் குறைபாடு என்றுமே வராது, அங்கே மூலம் எத்தனை முறை வந்தாலும் அத்தனை திசைகள் கிடைத்துவிடும்.

இப்போது அதே 4, 1, 1 உள்ள வேறொன்று:

```
C = | 4  0  0 |
    | 0  1  1 |
    | 0  0  1 |
```

C − I-இல் முதல் நிரை (3, 0, 0), இரண்டாவது (0, 0, 1), மூன்றாவது பூச்சியம். தரம் 2, வடிவியல் மடங்கெண் 1. இரண்டாம் நிரையில் இருக்கும் அந்த ஒற்றை 1 செய்த வேலை இது. அதைப் பூச்சியமாக்கினால் இரண்டாவது திசை உடனே கிடைத்துவிடும்.

வடிவியல் மடங்கெண் எப்போதும் இயற்கணித மடங்கெண்ணுக்குச் சமம் அல்லது அதைவிடக் குறைவு, அதைத் தாண்டாது. காரணம் இது. λ₀ என்ற மதிப்புக்கு ஒன்றையொன்று சாராத k திசையன்கள் கிடைத்தன என்று வையுங்கள். அவற்றை முதல் k நிரல்களாக வைத்து, மீதி நிரல்களுக்குச் சாராத திசையன்கள் எவற்றையாவது போட்டு P என்ற நேர்மாறுள்ள அணியைக் கட்டலாம். P⁻¹AP-ஐக் கணக்கிட்டால் அதன் முதல் k நிரல்களில் மூலைவிட்டத்தில் λ₀, மற்ற இடமெல்லாம் பூச்சியம். அதன் சிறப்பியல்புக் கோவையில் (λ − λ₀)ᵏ காரணியாக வந்தே தீரும். P⁻¹AP-க்கும் A-க்கும் சிறப்பியல்புக் கோவை ஒன்றே. ஆக அடுக்கு குறைந்தது k. ஒவ்வோர் ஐகென் மதிப்புக்கும் ஒரு திசையனாவது இருந்தே ஆக வேண்டும் என்பதால் கீழ் எல்லை 1. மூலம் ஒரே முறை வந்தால் இரண்டு எண்ணும் 1 ஆகிவிடுகின்றன, பிரச்சினையே இல்லை. சோதிக்க வேண்டியது திரும்ப வரும் மூலங்களை மட்டும்.

குறைபாடு எங்கே கடிக்கும்

ஐகென் திசையன்களை நிரல்களாக வைத்து P அமைத்து, A = PDP⁻¹ என்று எழுதி, Aⁿ-ஐச் சுலபமாகக் காண்பது எல்லோருக்கும் பிடித்த வழி. A-க்கு இது நடக்காது. (1, −1)-ஐயும் (2, −2)-ஐயும் நிரல்களாக்கினால் P-இன் அணிக்கோவை −2 + 2 = 0, நேர்மாறு கிடையாது. விடைத்தாளில் (2, −2) எழுதியவர் அடுத்த வரியில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வழி இல்லாமல் போகவில்லை. N² = 0 என்பதால் (2I + N)ⁿ-ஐ ஈருறுப்புத் தேற்றத்தால் விரித்தால் முதல் இரண்டு உறுப்புகளோடு நின்றுவிடுகிறது:

```
Aⁿ = 2ⁿ I + n · 2ⁿ⁻¹ N
```

n = 2 போட்டுப் பாருங்கள்: 4I + 4N. முதல் நிரை (8, 4), இரண்டாவது (−4, 0). A-ஐ A-ஆல் நேரடியாகப் பெருக்கினாலும் இதுவே வரும். கவனிக்க வேண்டியது அந்த n. ஐகென் மதிப்பு மட்டும் தனியாக இருந்தால் 2ⁿ மட்டும்தான் வந்திருக்கும். குறைபாடு இருக்கும் இடத்தில் கூடவே ஒரு n ஒட்டிக்கொள்கிறது.

அதே ஒட்டு வகைக்கெழுச் சமன்பாடுகளில் t ஆக வரும். x″ + 2x′ + x = 0 என்பதைத் தீர்த்தவர்களுக்கு விடை e⁻ᵗ, te⁻ᵗ என்று நினைவிருக்கும். 'மூலம் இரட்டித்தால் t-ஆல் பெருக்கு' என்று மனப்பாடம் செய்திருப்போம். ஏன் என்று கேட்டால் பலருக்கு பதில் இருக்காது. x, x′ இரண்டையும் ஒரு திசையனாக வைத்தால் அணி இது:

```
M = |  0   1 |
    | −1  −2 |
```

ஐகென் மதிப்பு −1, இரண்டு முறை. M + I-ஐக் கணக்கிடுங்கள்: (1, 1), (−1, −1). நம் பழைய N-ஏதான்! M-உம் குறைபாடுள்ளது. M = −I + N என்பதால் தீர்வு அணி e⁻ᵗ(I + tN); N² = 0 ஆகவே தொடர் அங்கேயே நின்றுவிடுகிறது. ஓய்வில் இருந்து, x = 1 என்ற இடத்தில் விட்டால் x = (1 + t)e⁻ᵗ. இந்த t, N-உடன் கைகோத்து வந்தது. தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு ஆடாமல், அதே சமயம் தேவைக்கு மேல் இழுக்காமல் மூடிக்கொள்ளும் எல்லை நிலை இதுவே. தணிப்பைச் சற்றுக் குறைத்தால் மூலங்கள் சிக்கலெண்களாகிக் கதவு ஆடும், சற்றுக் கூட்டினால் இரண்டு வெவ்வேறு மெய்யெண்களாகப் பிரியும். நடுவில் இருக்கும் அந்த ஒரே புள்ளியில்தான் திசைகள் ஒன்றில் ஒன்று படிகின்றன.

P-க்குத் தேவையான இரண்டாவது நிரலையும் எடுக்க முடியும், அது ஐகென் திசையனாக இராது என்பதை ஒப்புக்கொண்டால். (A − 2I)w = 0 என்பதற்குப் பதில் (A − 2I)w = (1, −1) என்று கேளுங்கள். x + y = 1. w = (1, 0) எடுக்கலாம். இதைப் பொதுமைப்படுத்திய ஐகென் திசையன் என்பார்கள். (1, −1), (1, 0) இரண்டையும் நிரல்களாக்கினால் P-க்கு நேர்மாறு உண்டு, P⁻¹AP இப்படி வரும்:

```
J = | 2  1 |
    | 0  2 |
```

மூலைவிட்டத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் 1-ஐ எந்த P-ஐக் கொண்டும் பூச்சியமாக்க முடியாது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் கமீல் ஜோர்டான் 1870-இல் வெளியிட்ட வடிவம் என்பதால் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

கணினியில் சரிபார்க்க

பைத்தானில் சிம்பை இருந்தால் மூன்று வரி போதும்:

```python
from sympy import Matrix
A = Matrix([[3, 1], [-1, 1]])
print(A.eigenvects())
```

வருவது:

```
[(2, 2, [Matrix([
[-1],
[ 1]])])]
```

முதல் 2 ஐகென் மதிப்பு. அடுத்த 2 இயற்கணித மடங்கெண். அதன்பின் வரும் பட்டியலில் எத்தனை திசையன்கள் இருக்கின்றனவோ அது வடிவியல் மடங்கெண், இங்கே ஒன்றுதான். (−1, 1) நம் (1, −1)-இன் எதிர்க்குறி, கோடு ஒன்றே.

சிம்பை முழு எண்களைத் துல்லியமாகக் கையாள்வதால் இப்படி அடித்துச் சொல்ல முடிகிறது. நம்பை போன்றவை தசம எண்களில் கணக்கிடுகின்றன. ஏறத்தாழ 16 இலக்கத்துக்கு அப்பால் உள்ளதெல்லாம் அங்கே வெட்டுப்படும். அந்த வெட்டை நம் ε-ஆக நினைத்துப் பாருங்கள். ε = 10⁻¹⁶ என்றால் மூலம் √ε, அதாவது 10⁻⁸ அளவுக்கு விலகிவிடும். உள்ளே போன பிழை 16-ஆம் இலக்கத்தில், வெளியே வருவது 8-ஆம் இலக்கத்தில். அதனால் பெரிய அணி ஒன்றுக்கு 2.00000001, 1.99999999 போன்ற இரண்டு மதிப்புகள் வந்தால் அவை உண்மையிலேயே வெவ்வேறா, அல்லது குறைபாடுள்ள ஒற்றை 2 பிழையால் பிளந்ததா என்று மதிப்புகளை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

திசையன்களைப் பாருங்கள். ε = 0.0001 கணக்கில் P-இன் நிரல்கள் (1, −0.99), (1, −1.01), அணிக்கோவை −0.02, P⁻¹-இல் 50 அளவுக்கு எண்கள். ε = 10⁻¹⁶ ஆனால் அந்த 50 போய் 5 கோடியாக வந்து நிற்கும். இரண்டு திசையன்கள் இப்படி ஒட்டிக்கொண்டும் P⁻¹-இல் எண்கள் இப்படி ஊதியும் இருந்தால், PDP⁻¹ என்று எழுதுவதை அங்கேயே நிறுத்திவிட்டு A − 2I-இன் தரத்தைப் போய்ப் பாருங்கள்.